புது மொபைலுக்கு 999 ரூபாய் 'புரொட்டெக்‌ஷன் பிளான்'... போடலாமா, வேண்டாமா?

ஆன்லைனில் மொபைல் வாங்கி, பணம் கட்டப்போகும் நேரத்தில், 'கூடுதலாக 999 ரூபாய்க்கு பாதுகாப்புத் திட்டம் வேண்டுமா?' என்று கேட்கும். டிக் செய்யும் முன், அது எந்தத் திட்டம் என்று பாருங்கள்.

'எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி' என்றால், பொதுவாக கம்பெனி வாரன்ட்டி முடிந்த பிறகுதான் தொடங்கும். தானாக வரும் கோளாறுக்கு மட்டுமே உதவும். கீழே விழுந்து ஸ்கிரீன் உடைந்தால், அதற்கு 'டேமேஜ் புரொட்டெக்‌ஷன்' இருக்க வேண்டும்.

அது லாபமா? ஒரு கணக்கு போடுவோம். திட்டம் ஓராண்டுக்கு 999 ரூபாய். ஸ்கிரீன் மாற்ற 4,500 ரூபாய் ஆகிறது, க்ளெய்ம் கட்டணம் 500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஒருமுறை உடைந்தால் மிச்சமாவது 4,000 ரூபாய். அதாவது, நான்கு வருடத்தில் ஒருமுறையாவது ஸ்கிரீனை உடைப்பவருக்குத்தான் இது கட்டுப்படியாகும். குழந்தைகள் கையில் புழங்கும் போன் என்றால் போடலாம். இதுவரை ஸ்கிரீனே உடைக்காதவர், அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைக்கலாம்.

க்ளெய்ம் சிக்கும் ஓரிடம் உண்டு. உடைந்ததும் பக்கத்துக் கடையில் மாற்றிவிட்டு, பிறகு பில்லை அனுப்புகிறார்கள். பல திட்டங்களில் இது செல்லாது. முதலில் திட்டம் கொடுத்தவருக்குத் தகவல் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதிமுறைகளில் இருக்கும். உடைந்த போனை போட்டோ எடுங்கள். பில்லில் உள்ள IMEI எண்ணும், போனில் *#06# அழுத்தினால் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

சரியான க்ளெய்மை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.