அட்வான்ஸ் பணம் யாருக்குச் சொந்தம்?
விடுதி விதித்தாளில் பார்க்க வேண்டிய நாலு வரிகள்

நெய்வேலிக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது முத்தாண்டிக்குப்பம். நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம் வந்த நாளிலிருந்து, படிக்கவும் தொழில் பழகவும் வெளியூர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருகிறார்கள். வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் ஒருவர் தம் வீட்டு மாடியில் நாலு அறை கட்டி, கட்டில் போட்டு, சாப்பாடும் போட்டால் அது மாணவர் விடுதி ஆகிவிடுகிறது.

சேரும் நாளில் சண்டை வருவதில்லை. பிள்ளை காலி செய்யும் நாளில்தான் வருகிறது. “அட்வான்ஸைக் கொடுங்கள்” என்கிறார் தகப்பனார். “விதியைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்கிறார் விடுதிக்காரர்.

அந்த விதித்தாளில் என்ன இருக்க வேண்டும்? எழுதியதெல்லாம் செல்லுமா?

தாளுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

வீட்டு வாடகைக்கு என்று தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2019-ல் அது அமலுக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் ஓட்டல், தங்கும் விடுதி, சத்திரம் போன்றவற்றை அந்தச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. ஆகையால் விடுதி வழக்கில், இரு தரப்பாரும் கையெழுத்திட்ட தாளைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்.

பெண்கள் விடுதியானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகள் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். மகளைச் சேர்க்கும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நாலு வரிகள்

முதல் வரி, கட்டணம். அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதினால், பின்னால் கணக்குப் பார்க்கும்போது தகராறு வரும்.

இரண்டாவது வரி, கொடுத்த பணத்தின் பெயர். இடம் பிடித்து வைக்க முதலில் கொடுப்பது முன்பதிவுப் பணம். சேரும்போது ஈடாகக் கொடுத்து வைப்பது அட்வான்ஸ். முன்பதிவு செய்துவிட்டுச் சேராமல் போனால், நியாயமான அளவுள்ள அந்தப் பணத்தை விடுதிக்காரர் வைத்துக் கொள்ளலாம். அட்வான்ஸ் அப்படியல்ல. அது பிள்ளையின் பணம். விடுதிக்காரர் கையில் ஈடாக இருக்கிறது, அவ்வளவுதான். ரசீதில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது வரி, காலி செய்ய முன்னறிவிப்பு. எத்தனை நாள், எந்த நாளிலிருந்து கணக்கு, யாரிடம் எழுதிக் கொடுப்பது என்ற மூன்றும் வேண்டும். விடுதிக்காரர் பிள்ளையைப் போகச் சொன்னால் அவர் எத்தனை நாள் கொடுப்பார் என்பதும் இருக்க வேண்டும். மாணவருக்கு 30 நாள், விடுதிக்காரருக்கு ஒரு நாள் என்று இருந்தால் அது ஒருதலைப்பட்சமான விதி.

நாலாவது வரி, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடித்தம் என்பது. “எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது” என்று எழுதியிருந்தால் அங்கே நின்று யோசியுங்கள்.

உருளைக்கிழங்கு வழக்கு

கையெழுத்துப் போட்டபின் அந்த வரி செல்லாதா என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு பழைய வழக்கு விடை சொல்கிறது.

1947-ல் மவுலா பக்ஸ் என்ற வியாபாரி, உத்தரப் பிரதேசத்தில் பட்டாளத்துக்கு உருளைக்கிழங்கு கொடுக்க ஒப்பந்தம் செய்தார். 10 ஆயிரம் ரூபாய் ஈடு கட்டினார். கோழி, முட்டை, மீன் கொடுக்க இன்னொரு ஒப்பந்தம் செய்து 8,500 ரூபாய் கட்டினார். சொன்னபடி அவர் சரக்குக் கொடுக்கவில்லை. சர்க்கார் ஒப்பந்தங்களை ரத்து செய்து, ஈட்டுப் பணம் முழுவதையும் எடுத்துக் கொண்டது. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1969-ல் தீர்ப்பு வந்தது. உருளைக்கிழங்கும் முட்டையும் கடையில் கிடைக்கும் சரக்குகள். அவர் கொடுக்காததால் வேறு இடத்தில் என்ன விலைக்கு வாங்க நேர்ந்தது, எவ்வளவு நஷ்டம் என்று சர்க்கார் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. நஷ்டத்தைக் காட்டாமல் முழுப் பணத்தையும் எடுப்பது அபராதம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, நியாயமான ஈட்டுத் தொகைக்குத்தான் இடம் கொடுக்கிறது.

இதில் ஒரு வரம்பும் உண்டு. நஷ்டத்தைக் கணக்கிடவே முடியாத இடத்தில், இரு தரப்பும் முன்பே நியாயமாகப் பேசிக் கொண்ட தொகையைக் கோர்ட்டு ஏற்கலாம். ஆனால் காலியான ஒரு கட்டிலின் நஷ்டத்தை யாரும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எண்ணிப் பார்ப்போமா?

ஒரு மாணவர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அறைக்கு மாதம் 1,800 ரூபாய். சாப்பாட்டுக்கு 2,700 ரூபாய். அட்வான்ஸ் 6,000 ரூபாய். முன்னறிவிப்பு 30 நாள்.

அக்டோபர் 12-ந் தேதி எழுதிக் கொடுக்கிறார். மறுநாளிலிருந்து 30 நாள் எண்ணினால் நவம்பர் 11-ல் முடிகிறது. அவரோ அக்டோபர் 31-லேயே போய்விடுகிறார். ஆக 11 நாள் குறைவு. தவறு மாணவருடையதுதான். அதற்காக 6,000 ரூபாயும் போய்விடுமா?

அறை வாடகை நாளுக்கு 60 ரூபாய். 11 நாளுக்கு 660 ரூபாய். அவர் போனபின் அவருக்காக அரிசி வேகவில்லை. ஆகவே சாப்பாட்டுப் பணத்தைச் சேர்க்க நியாயமில்லை. மின்சாரப் பாக்கி 240 ரூபாய். தொலைத்த சாவிக்கு 100 ரூபாய். மொத்தப் பிடித்தம் ஆயிரம் ரூபாய். திருப்பித் தர வேண்டியது 5,000 ரூபாய்.

நவம்பர் 5-ந் தேதி அதே கட்டிலுக்கு வேறொரு மாணவர் வந்துவிட்டால்? கட்டில் சும்மா கிடந்தது 4 நாள்தான். அப்போது வாடகை நஷ்டம் 240 ரூபாய். மற்றப் பிடித்தம் 340 ரூபாய். திரும்ப வேண்டியது 5,420 ரூபாய்.

விடுதிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. முன்னறிவிப்பே தராமல் இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்கிப் போனால், ஒரு மாதம் வரை கட்டில் காலியாகக் கிடக்கலாம். அந்த நஷ்டத்தை அவர் பிடித்துக் கொள்வதில் தவறில்லை. பாக்கிக்குப் பதிலாகப் பிள்ளையின் சான்றிதழை எடுத்து வைத்துக் கொள்வதுதான் தவறு.

கொடுக்க மறுத்தால்?

வாயால் சொன்ன முன்னறிவிப்பு காற்றோடு போய்விடும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் விடுதிக்காரரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போகும் நாளில் அறையைக் காட்டி, சாவியைக் கொடுத்து, பிடித்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

அப்புறமும் பணம் வராவிட்டால், முதலில் கணக்கை எழுதிக் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முத்தாண்டிக்குப்பத்துக்காரர்களுக்குக் கடலூரில் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

அங்கே முதலில் கேட்கும் தாள்கள் மூன்று: கையெழுத்திட்ட விதித்தாள், அட்வான்ஸ் ரசீது, முன்னறிவிப்பின் நகல். இந்த மூன்றையும் சேரும் நாளிலிருந்தே ஓர் உறையில் போட்டு வையுங்கள்.