வெள்ளத்தில் போன கணக்குக்கு ஒரு கடிதம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையைத் தென்மாவட்டத்தார் இன்னும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. தாமிரபரணிக் கரையோரக் கடைகளுக்குள் தண்ணீர் ஆள் உயரத்துக்கு நின்றது. சரக்கு போனதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். மேசை இழுப்பறையிலும் அலமாரியின் கீழ்த்தட்டிலும் இருந்த பில் கட்டுகள் கூழாகிப் போனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வரி அலுவலகத்திலிருந்து "பில்களைக் காட்டுங்கள்" என்று கேட்கும்போதுதான் அந்த நஷ்டம் தெரியவரும்.

அந்த நேரத்தில் எழுதப்படும் கடிதத்தில் பெரும்பாலும் "வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது, கருணை காட்டவும், அவகாசம் தரவும்" என்று இரண்டு வரிதான் இருக்கும். படிக்கும் அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும், அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அவரால் கோப்பில் எதையும் எழுத முடியாது. என்ன போயிற்று, எதை எங்கிருந்து மீட்கலாம், எதை மீட்கவே முடியாது, எத்தனை நாள் ஆகும் ஆகிய நான்குக்கும் பதில் இருந்தால்தான் அவர் சரி என்று எழுத ஓர் ஆதாரம் கிடைக்கும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு மின்சாதனக் கடை. ஒயர், சுவிட்ச், ஃபேன் விற்பனை. எல்லாமே 18 விழுக்காடு வரிச் சரக்கு. 2023 டிசம்பர் 6 அன்று ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்தக் கடைக்கு ASMT-10 அறிவிப்பு வருகிறது. 2021-22ஆம் ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்கிறோம், நீங்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்த 214 கொள்முதல் பில்களையும் காட்டுங்கள் என்கிறது அது. பதில் தர 30 நாள், அதாவது ஜனவரி 5 வரை. பன்னிரண்டாம் நாள் வெள்ளம் வருகிறது.

பில்கள் 2021-22க்கு உரியவைதானே, பழசுதானே என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கேடுகளையும் பில்களையும் அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைக்காரர் அவற்றை 2028 டிசம்பர் இறுதி வரை காத்தாக வேண்டும். பில் கையில் இல்லாமல் வரி வரவு எடுக்க முடியாது என்பதும் சட்டம். ஆகவே பில்கள் போய்விட்டன என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், எடுத்த வரவு முழுவதையும் வட்டியோடு கட்டச் சொல்லும் நிலை வரலாம்.

இந்த இடத்தில் கடைக்காரருக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. சரக்கு விற்கும்போது பில் மூன்று பிரதியாகப் போடப்படுகிறது. வாங்கியவருக்கு ஒன்று, ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஒன்று, விற்றவரிடம் ஒன்று. வாங்கியவரின் பிரதி தண்ணீரில் போனாலும் விற்றவரின் பிரதி கோயம்புத்தூரிலோ மதுரையிலோ பத்திரமாக இருக்கும். 72 மாதம் காக்கும் கடமை அவருக்கும் உண்டு. வெள்ளத்துக்கு முன்பே நம் கையை விட்டு வெளியே போய், நாம் மாற்ற முடியாத இடத்தில் இருக்கும் தாள்தான் இப்போது நமக்குப் பலமான சான்று. விற்றவரின் பிரதி, வங்கிக் கணக்கு அறிக்கை, விற்றவர்கள் தாக்கல் செய்ததால் நம் பக்கத்தில் தெரியும் GSTR-2A, நாம் முன்பே தாக்கல் செய்துவிட்ட GSTR-1, GSTR-3B ஆகிய எல்லாம் இந்த வகை. கடையில் உட்கார்ந்து இன்று நாம் தயாரிக்கும் எதுவும் இந்த வகையில் சேராது.

நம் கடைக்காரர் விற்றவர்களுக்கு ஃபோன் போடுகிறார். மொத்தம் 12 பேர். பெரிய மொத்த வியாபாரிகள் நால்வரிடம் மட்டும் 171 பில்கள். கணினியில் வைத்திருப்பதால் அவர்கள் அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டு அனுப்ப ஒரு மாதம் கேட்கிறார்கள். வேறு ஐந்து பேரிடம் 31 பில்கள். கையால் எழுதியவை, தேடி எடுக்க இரண்டு மாதம் ஆகும். மீதி மூன்று பேரிடம் வாங்கியவை 12 பில்கள். அவர்களில் ஒருவர் கடையை மூடிவிட்டார், இருவர் ஃபோனை எடுக்கவில்லை. அந்த 12 பில்களுக்கு உரிய வரி 18,000 ரூபாய்.

இந்த 12 பில்களில்தான் ஆசை வரும். எண்ணும் தேதியும் GSTR-2A-வில் இருக்கின்றன, அதே மாதிரி ஒரு பில் அடித்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது மீட்டெடுத்த ஆவணம் ஆகாது, போலி ஆவணம். அந்த ஒரு தாள் பிடிபட்டால் நேர்மையாக வந்த 202 பில்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இந்த 12-க்கும் பில் இல்லை என்று வெளிப்படையாக எழுதி, 2A-வில் உள்ள வரியையும் வங்கியில் பணம் போன வரியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு பட்டியலைத் தரலாம். அந்த 18,000-ஐ அலுவலர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். பில் கையில் இருக்க வேண்டும் என்ற விதியை 2A மட்டும் நிறைவேற்றாது என்று அவர் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு.

கடையில் தயாரிக்கும் எந்தப் பட்டியலாக இருந்தாலும் அதன் தலையில் "வெள்ளத்துக்குப் பின் மீளத் தயாரித்தது" என்று எழுதி, தயாரித்த நாளையும் எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். பழைய தேதி போடக் கூடாது. வங்கி அறிக்கையை இணையத்தில் எடுத்த அச்சாகத் தருவதைவிட, கிளை மேலாளரிடம் சான்றிட்ட நகலாக வாங்குவது நல்லது. 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டம் அத்தகைய நகலுக்கு நீதிமன்றத்திலும் மதிப்புத் தருகிறது. மூலம் அழிந்துவிட்டால் அடுத்த நிலைச் சான்றைத் தரலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் நெடுநாள் விதியும்கூட. ஆனால் மூலம் அழிந்தது என்பதை முதலில் காட்ட வேண்டும்.

அதைக் காட்டப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரமான கட்டுகளை முதல் நாளே குப்பையில் தள்ளிவிடுகிறார்கள். வெளியே எறிவதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு, அலமாரி, கட்டின் மேல் எழுதிய ஆண்டு எல்லாம் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். இன்னும் நல்லது, அந்தக் கூழை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்து "தாங்கள் நேரில் பார்வையிடலாம்" என்று கடிதத்தில் எழுதுவது. அந்த வரி செய்யும் வேலையைப் பத்துப் படங்கள் செய்யாது. கூடவே கிராம நிர்வாக அலுவலரின் சான்று, காவல் நிலையத்தில் மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது, காப்பீட்டு சர்வேயர் வந்து பார்த்த அறிக்கை ஆகியவற்றை இணைக்கலாம். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை.

இனி கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வழக்கப்படி. பார்வையில் அறிவிப்பின் எண்ணும் தேதியும் கட்டாயம். உள்ளே இப்படி எழுதலாம்:

"ஐயா, பார்வையில் கண்ட அறிவிப்பு 06.12.2023 அன்று எனக்குக் கிடைத்தது. 18.12.2023 அன்று என் கடைக்குள் சுமார் 5 அடி உயரத்துக்கு வெள்ளம் புகுந்ததில் 2021-22ஆம் ஆண்டின் கொள்முதல் பில் கட்டுகள், கையால் எழுதிய விற்பனைப் பில் புத்தகங்கள், கணினி ஆகியவை அழிந்தன. அழிந்த தாள்களை அப்படியே வைத்துள்ளேன், தாங்கள் பார்வையிடலாம். அறிவிப்பில் கேட்ட 214 பில்களில் 171-ஐ விற்பனையாளர் சான்றிட்ட நகலாக 31.01.2024-க்குள்ளும், 31-ஐ 29.02.2024-க்குள்ளும் தாக்கல் செய்கிறேன். மீதி 12 பில்களைப் பெற இயலவில்லை. அவற்றுக்கு GSTR-2A மற்றும் வங்கி விவரப் பட்டியலை இணைத்துள்ளேன். இந்த நகல்களை மூலத்துக்குப் பதிலாக ஏற்கவும், மேற்கண்ட தேதிகள் வரை அவகாசம் வழங்கவும் வேண்டுகிறேன்."

கேட்கும் அவகாசத்துக்குத் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குக் காரணமும் இருக்கிறது. ASMT-10-க்குப் பதில் தரும் 30 நாளை நீட்டிக்கும் அதிகாரம் அந்த அலுவலருக்கே உண்டு. எல்லாத் தேதிக்கும் அப்படி இல்லை. வரி கேட்டு முறையான விளக்கக் கோரிக்கை வந்து, நேரடி விசாரணை வைக்கப்பட்டால், போதிய காரணம் காட்டி ஒத்திவைக்கக் கேட்கலாம், ஆனால் ஒருவருக்கு மூன்று முறைக்கு மேல் கிடையாது. அலுவலருக்கும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு, மோசடி இல்லாத வழக்கில், ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அவர் ஆணை போட வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டி அவகாசம் கேட்டால் அவர் மனம் வைத்தாலும் தர முடியாது.

இன்னொரு குழப்பம். அந்த வெள்ளத்துக்குப் பின் நெல்லை, தென்காசி, குமரி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கு நவம்பர் மாத GSTR-3B தாக்கலை ஜனவரி 10 வரை மத்திய அரசு நீட்டித்தது. நமக்கும் தானாகவே அவகாசம் கிடைத்துவிட்டது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. அந்த அறிவிப்பு மாதாந்திர அறிக்கைக்கு. தனி அறிவிப்புக்கான பதிலுக்குத் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் ஜனவரி 5-க்கு முன்பே.

கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரை வாங்கினால் மட்டும் போதாது. பதிலை இணையதளத்தில் ASMT-11 படிவத்திலும் ஏற்ற வேண்டும். அங்கே எதுவும் இல்லாவிட்டால், பதிலே தரவில்லை என்று கோப்பு அடுத்த கட்டத்துக்குப் போய்விடக்கூடும்.

கடைசியாக ஒன்று, பணத்தில் பெரியது. அதே வெள்ளத்தில் 18 லட்சம் ரூபாய்ச் சரக்கு அழிந்ததென்று நம் கடைக்காரர் காப்பீடு கேட்கிறார் என்று வையுங்கள். அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்கிறது 17(5)(h) பிரிவு. 18 லட்சம் வரி சேராத விலை என்றால், 3,24,000 ரூபாயை GSTR-3B-யின் 4(B)(1)-இல் திருப்பிக் காட்ட வேண்டும். பதிவேடுகள் போய்விட்டன என்று எழுதிய கடிதத்தைப் படிக்கும் அலுவலர் அடுத்துப் பார்ப்பது இதைத்தான். அதை விட்டுவிட்டால் கடிதமே கடைக்காரருக்கு எதிரான ஆதாரமாகிவிடும். நனைந்தும் தள்ளுபடி விலைக்கு வரியோடு விற்கக்கூடிய சரக்கு அழிந்த சரக்கு ஆகாது, அதைத் தனியாகப் பிரித்துப் பட்டியலிட வேண்டும்.

சரக்கு இருப்புப் பதிவேட்டை மீண்டும் எழுதும்போது அழிந்த சரக்குக்குத் தனி வரி போடுவதும் இதனால்தான். விதிப்படி அந்த ஏட்டில் அழிந்ததற்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே காட்டாமல் சரக்கு வெறுமனே குறைந்திருந்தால், அதை விற்றதாகவே கருதி வரி கணக்கிடலாம் என்று 35(6) சொல்கிறது. வெள்ளம் அடித்துப் போன ஃபேனுக்கு விற்பனை வரி கட்டும் நிலை அப்படித்தான் வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆணை பாதகமாக வந்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் தாமதத்தை மன்னிப்பார்கள், அதற்கு மேல் மன்னிக்கும் அதிகாரம் மேல்முறையீட்டு அலுவலருக்கு இல்லை. சர்ச்சைக்குரிய வரியில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். அந்த மனுவின் முதல் இணைப்பாக, ஜனவரி 5-க்கு முன்பே ஏற்றிய கடிதத்தையும் அதன் ஒப்புகை எண்ணையும் வைக்க வேண்டும்.