10.0.2.15 வெளியே போகும் வழி

10.0.2.15 என்பது ஒரு ஐ.பி. முகவரி. இதே முகவரியுள்ள கணினிகள் உலகில் எத்தனை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 10 என்று தொடங்கும் முகவரிகளை எந்த நிறுவனமும் தன் வளாகத்துக்குள் விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம் என்று 1996இல் இணையத் தர ஆவணம் ஒன்று விதி செய்தது. 192.168 என்று தொடங்குபவையும் அந்த வகைதான். உங்கள் வீட்டு வைஃபையில் இணைந்த போன் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியைத்தான் வைத்திருக்கும். எல்லாரும் வைத்துக்கொள்ளலாம் என்பதாலேயே பொது இணையத்தில் இவற்றுக்கு மதிப்பில்லை. இந்த முகவரிக்கு ஒரு தரவுப் பொட்டலத்தை இணையத்தில் அனுப்பினால், அது எங்கும் போய்ச் சேராது.

ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஆர்டர்களைக் கையாளும் அதன் சர்வர் அமேசானின் கிளவுடில், 10.0.2.15 என்ற முகவரியில் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அதை நேரடியாகத் தொடக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. வாடிக்கையாளர்கள் வருவது லோடு பேலன்சர் என்ற முன்வாசல் வழியாக. அதற்குப் பொது முகவரி உண்டு. அது கோரிக்கையை வாங்கி உள்ளே கைமாற்றிவிடும். வருகிறவர்களுக்கு இதுபோதும். ஆனால் இந்தச் சர்வரே வெளியே போக வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. பாதுகாப்பு அப்டேட் இறக்க வேண்டும், பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் சர்வரோடு பேச வேண்டும், ஓ.டி.பி. அனுப்பச் சொல்ல வேண்டும். பதில் வந்துசேர முகவரியே இல்லாத ஒன்று எப்படிக் கேள்வி கேட்கும்?

அமேசான் கிளவுடில் ஒரு வாடிக்கையாளருக்கென்று ஒதுக்கப்படும் தனி வலைப்பின்னலுக்கு வி.பி.சி. என்று பெயர். அதைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரிப்பார்கள்; அவை சப்நெட்கள். பப்ளிக் சப்நெட், பிரைவேட் சப்நெட் என்று பேச்சில் பிரித்துச் சொன்னாலும், சப்நெட்டின் மேல் அப்படி ஒரு முத்திரை கிடையாது. வித்தியாசமெல்லாம் ரூட் டேபிள் என்ற வழிப்பட்டியலில் உள்ள ஒரே ஒரு வரிதான். நம் சர்வர் இருக்கும் சப்நெட்டின் பட்டியல் இப்படி இருக்கும்:

```
10.0.0.0/16    local
0.0.0.0/0      nat-0a1b2c3d4e5f67890
```

10.0 என்று தொடங்கும் முகவரிக்குப் போவதெல்லாம் உள்ளூர்ப் போக்குவரத்து என்கிறது முதல் வரி. மற்ற எல்லாவற்றையும் நாட் கேட்வேயிடம் கொடு என்கிறது இரண்டாவது. பப்ளிக் சப்நெட்டின் பட்டியலில் அந்த இரண்டாவது வரி `igw-` என்று தொடங்கும் பெயரைக் காட்டும். அது இன்டர்நெட் கேட்வே, அதாவது இணையத்தை நேரடியாகத் தொடும் வாயில்.

இனி ஒரு பொட்டலத்தின் கூடவே போய்ப் பார்ப்போம். நம் சர்வர், பண நிறுவனத்தின் 198.51.100.7 என்ற முகவரியில் 443ஆம் போர்ட்டைத் தொடர்பு கொள்கிறது. (எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்த எண்களில் ஒன்று இது, யாருடைய முகவரியும் அல்ல.) தன் பக்கத்தில் 41822 என்ற போர்ட்டைத் திறந்துகொள்கிறது. போர்ட் என்பது, ஒரே கணினியில் ஒரே நேரத்தில் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிய உதவும் எண். பொட்டலத்தின் தலைப்பில் "அனுப்புநர்: 10.0.2.15, போர்ட் 41822" என்று இருக்கிறது. இப்படியே வெளியே போனால் பதில் வந்துசேராது.

வழிப்பட்டியல் சொன்னபடி பொட்டலம் நாட் கேட்வேக்கு வருகிறது. அது இருப்பது பப்ளிக் சப்நெட்டில். அதற்கென்று ஒரு நிலையான பொது முகவரி, 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம், கொடுக்கப்பட்டிருக்கிறது. நாட் கேட்வே அனுப்புநர் முகவரியை அழித்துத் தன்னுடையதை எழுதுகிறது. போர்ட்டையும் மாற்றி 20417 என்று போடுகிறது. பக்கத்திலுள்ள 10.0.2.16 என்ற சர்வரும் தற்செயலாக அதே 41822ஐத் திறந்திருக்கலாம் அல்லவா? இரண்டும் ஒரே முகவரியின் பெயரில் ஒரே இடத்துக்குப் போகும்போது குழம்பாமலிருக்க, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எண் வேண்டும். எதை எதுவாக மாற்றினோம் என்பதைத் தன் நினைவில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது:

```
10.0.2.15:41822  ->  20417  ->  198.51.100.7:443
```

பண நிறுவனத்தின் சர்வருக்குத் தெரிவதெல்லாம் 203.0.113.25, 20417 என்பது மட்டும்தான். பதிலை அங்கேயே அனுப்புகிறது. நாட் கேட்வே தன் குறிப்பைப் பார்த்து, பெறுநர் இடத்தில் 10.0.2.15ஐயும் 41822ஐயும் எழுதி உள்ளே தள்ளிவிடுகிறது. நடுவில் இப்படி ஒரு மாற்றம் நடந்ததே நம் சர்வருக்குத் தெரியாது. சந்தேகமிருந்தால் சர்வருக்குள்ளிருந்து கேட்டுப் பார்க்கலாம்:

```
curl https://checkip.amazonaws.com
```

"நீ எந்த முகவரியிலிருந்து வருகிறாய்" என்பதை மட்டும் திருப்பிச் சொல்லும் சேவை இது. நாட் கேட்வேயின் பொது முகவரி வந்தால் எல்லாம் சரி. எதுவும் வராமல் திரை அப்படியே நின்று, கடைசியில் நேரம் முடிந்துபோனது என்று மட்டும் வந்தால், முதலில் வழிப்பட்டியலைப் பார்க்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு: பிரைவேட் சப்நெட்டுக்குத்தானே நாட் கேட்வே என்று நினைத்து, அதையும் பிரைவேட் சப்நெட்டுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். அங்கிருந்து இன்டர்நெட் கேட்வேக்கு வழி கிடையாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. பொட்டலம் மட்டும் வெளியே போகாது.

வெளியிலிருந்து ஒருவர் தானாக 203.0.113.25இன் கதவைத் தட்டினால்? குறிப்பில் அவருக்கான வரி இல்லை, அதனால் பொட்டலம் கைவிடப்படும். உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு மட்டுமே பதில் உள்ளே வரும் என்ற பாதுகாப்பு, இந்தக் குறிப்பின் பக்கவிளைவாகவே கிடைத்துவிடுகிறது. இதைக் கோட்டைச் சுவர் என்று நம்பிவிடுவதும் உண்டு, அது தவறு. உள்ளே ஒரு தீய நிரல் புகுந்துவிட்டால், அது வெளியே தகவல் அனுப்புவதை நாட் கேட்வே தடுக்காது. அப்டேட்டுக்குப் போகும் பொட்டலத்துக்குச் செய்யும் அதே மரியாதையை அதற்கும் செய்யும்.

நாட் கேட்வேயின் பெரும்பாலான தொல்லைகளும் இந்தக் குறிப்பிலிருந்துதான் வருகின்றன. எந்தக் குறிப்பையும் அது என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது. அமேசானின் நாட் கேட்வே, 350 விநாடிகள் ஒரு இணைப்பில் எந்த அசைவும் இல்லையென்றால் அந்த வரியை மறந்துவிடும். ஆறு நிமிடம்கூட இல்லை.

நம் கடைக்கு இது எப்படி வலிக்கும் என்று பாருங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் புது இணைப்பு திறந்தால் நேரமாகும் என்பதால், சர்வர் பண நிறுவனத்தோடு சில இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும். பகலில் சிக்கலில்லை, விற்பனை நடந்துகொண்டே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு யாரும் புடவை வாங்குவதில்லை. குறிப்புகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. இதை யாரும் நம் சர்வருக்குச் சொல்வதில்லை. இணைப்பு உயிரோடு இருப்பதாகவே அது நினைக்கிறது. காலையில் முதல் வாடிக்கையாளர் பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறார். பொட்டலம் நாட் கேட்வேக்குப் போகிறது. "இப்படி ஓர் உரையாடலே எனக்குத் தெரியாது" என்று அது இணைப்பை முறித்துத் திருப்பி அனுப்புகிறது. சர்வரின் பதிவேட்டில் `connection reset by peer` என்று ஒரு வரி விழுகிறது. வாடிக்கையாளர் மறுபடி அழுத்தினால் புது இணைப்பு திறந்து வேலை நடந்துவிடும். அதனால்தான் இந்தக் கோளாறு பிடிபடாமல் மாதக்கணக்கில் ஓடும்: கூட்டம் இருக்கும்போது வராது, சோதித்துப் பார்க்கும்போதும் வராது. பழியெல்லாம் பண நிறுவனத்தின் தலையில் விழும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புத் திரையில் நாட் கேட்வேக்கு `IdleTimeoutCount` என்ற அளவு உண்டு. அசைவில்லாமல் காலாவதியான இணைப்புகளை அது எண்ணிச் சொல்லும். இரவில் அந்த எண் ஏறி, காலையில் பிழைகள் விழுந்தால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். தீர்வு, பேச எதுவும் இல்லாதபோதும் "இருக்கிறேன்" என்று அவ்வப்போது ஒரு சிறு பொட்டலம் அனுப்பவைப்பது. லினக்ஸில் இந்த வசதி இருக்கிறது; ஆனால் அது வழக்கமாக 7200 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரம் காத்திருந்துதான் முதல் பொட்டலத்தை அனுப்பும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே குறைக்க வேண்டும்:

```
sysctl -w net.ipv4.tcp_keepalive_time=300
```

இதுமட்டும் போதாது. இந்த வசதியை மென்பொருளும் தன் இணைப்புகளில் இயக்கியிருக்க வேண்டும். பல மென்பொருள்கள் தாமாக இயக்குவதில்லை.

குறிப்பேட்டுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு பொது முகவரியை வைத்துக்கொண்டு, ஒரே சேருமிடத்துக்கு ஒரே நேரத்தில் 55,000 இணைப்புகள்தான் திறக்க முடியும், ஏனென்றால் போர்ட் எண்களுக்கும் ஓர் எல்லை உண்டு. சிறு கடைகள் இதைத் தொடுவது அரிது. தொட்டால் `ErrorPortAllocation` என்ற அளவு பூஜ்யத்தைத் தாண்டும். நாட் கேட்வேக்குக் கூடுதல் முகவரி சேர்த்தால் சரியாகிவிடும்.

பில்லைப் பார்க்காமல் இந்தக் கதை முழுமையாகாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் ஒரு நாட் கேட்வேக்கு மணிக்கு 0.045 டாலர், சும்மா இருந்தாலும் கட்ட வேண்டும்; மாதத்துக்கு 33 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு, அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் இன்னொரு 0.045 டாலர். அப்டேட்டுகளும் ஓ.டி.பி.யும் சில்லறைத் தொகைதான். பில்லை ஏற்றுவது பெரும்பாலும் வேறொன்று. கடையின் தரவு நகலைத் தினமும் 100 ஜி.பி. அளவில் அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் போடுகிறார்கள் என்று வையுங்கள். எஸ்3யும் அமேசானுடையதுதான், அதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அதன் முகவரி பொது முகவரி. எனவே வழிப்பட்டியலின் இரண்டாவது வரி அதையும் நாட் கேட்வேக்கு அனுப்புகிறது. மாதம் 3,000 ஜி.பி., 135 டாலர். பக்கத்து அறைக்குப் போக ஊரைச் சுற்றி டோல் கட்டுவது மாதிரி.

இதற்கு கேட்வே எண்ட்பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. உருவாக்கினால் வழிப்பட்டியலில் எஸ்3க்கென்று மூன்றாவது வரி சேரும், நகல் எடுப்பது நாட் கேட்வேயைத் தொடாமல் போய்விடும். கட்டணம் எதுவும் கிடையாது. தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும் என்பது அமேசானுக்கு வசதியான ஏற்பாடு என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஐ.பி.வி6 வந்தால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. அதில் முகவரிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்றைக் கொடுக்கலாம். முகவரியை மாற்றாமல், உள்ளிருந்து தொடங்கியதற்கு மட்டும் வழிவிடும் `egress-only internet gateway` என்ற வாயிலும் அமேசானில் உண்டு. அதற்கு மணிக் கட்டணமும் இல்லை. ஆனால் நம் கடை பேச வேண்டிய பண நிறுவனத்தின் சர்வர் இன்னும் பழைய ஐ.பி.வி4 முகவரியில் மட்டும் இருந்தால், அந்த ஒரு இணைப்புக்காக நாட் கேட்வேயை வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.