தன் சமன்பாட்டுக்குத் தானே கட்டுப்படும் அணி

ஆர்தர் கெய்லி 1858இல் அணிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்குப் பிழைப்பு லண்டனில் வழக்கறிஞர் தொழில். எந்தச் சதுர அணியும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்பது அந்தக் கட்டுரை சொன்ன செய்திகளுள் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வில்லியம் ஹாமில்டன் வேறொரு கணக்கின் வழியே இதன் ஒரு வகையைத் தொட்டிருந்தார். அதனால் இருவர் பெயரும் சேர்ந்து கெய்லி–ஹாமில்டன் தேற்றம் என்றாயிற்று. கெய்லி சிறிய அணிகளுக்குச் சரிபார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். எல்லா அணிகளுக்குமான நிரூபணத்தை 1878இல் ஃப்ரோபீனியஸ் தந்தார்.

தேற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் அணியை வைத்தே பார்த்துவிடலாம்.

```
A = | 4  1 |
    | 2  3 |
```

இரண்டுக்கு இரண்டு அணியென்றால் சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுத இரண்டு எண்கள் போதும். முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள எண்களைக் கூட்டினால் 4 + 3 = 7. அணிக்கோவையின் மதிப்பு 4×3 − 1×2 = 10. ஆகவே சமன்பாடு λ² − 7λ + 10 = 0. இதில் λ இருக்கும் இடத்தில் A அணியையே வைக்கலாம் என்கிறது தேற்றம்:

A² − 7A + 10I = 0

பலரும் தவறுவது இங்கேதான். 10 என்பது வெறும் எண். அதை அணியோடு கூட்ட முடியாது. எனவே அலகு அணி I-யால் பெருக்கி 10I என்று எழுத வேண்டும். வலப்பக்கத்தில் இருப்பதும் வெறும் சுழியல்ல, எல்லா உறுப்புகளும் சுழியான அணி.

இந்த ஒரே வரியிலிருந்து நேர்மாறு அணி கிடைத்துவிடும். வரி முழுவதையும் A⁻¹ஆல் பெருக்கினால் A − 7I + 10A⁻¹ = 0 என்றாகும். அதிலிருந்து A⁻¹ = (7I − A)/10.

```
A⁻¹ = 1/10 × |  3  -1 |
             | -2   4 |
```

A-யோடு பெருக்கிப் பார்த்தால் அலகு அணி வரும். இங்கே 10ஆல் வகுக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 10 அணிக்கோவையின் மதிப்பு. சமன்பாட்டின் மாறிலி சுழியாக இருந்தால் வகுக்க வழியில்லை. அத்தகைய அணிக்கு நேர்மாறே கிடையாது.

அடுத்து உயர் அடுக்கு. A⁵ வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அணியை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு போனால் நான்கு அணிப் பெருக்கல்கள் ஆகும். ஒவ்வொன்றிலும் எட்டு எண்பெருக்கல்கள். A² = 7A − 10I என்று தெரிந்த பிறகு அந்தப் பாடு தேவையில்லை. A² வரும் இடத்திலெல்லாம் அதை இப்படி மாற்றிக்கொண்டே போனால் A³ = 39A − 70I, A⁴ = 203A − 390I, A⁵ = 1031A − 2030I என்று படிப்படியாக வரும். எந்த அடுக்கானாலும் A-யின் ஒரு மடங்கும் I-யின் ஒரு மடங்குமாகச் சுருங்கிவிடுகிறது.

A¹⁰ வேண்டுமானால் இன்னும் குறுக்கு வழி உண்டு. A¹⁰ = aA + bI என்று எழுதிக்கொள்ளலாம். சமன்பாட்டின் மூலங்கள் 5, 2. அவையும் இதே தொடர்புக்குக் கட்டுப்படுவதால் 5¹⁰ = 5a + b, 2¹⁰ = 2a + b. இரண்டையும் கழித்தால் a = (97,65,625 − 1,024)/3 = 32,54,867. பிறகு b = 1,024 − 2a = −65,08,710. மூலங்கள் இரண்டும் ஒன்றாக இருந்தால் இந்த இரு சமன்பாடுகளும் ஒன்றாகிவிடும். அப்போது λ¹⁰ = aλ + b என்பதை வகையிட்டு இரண்டாவது சமன்பாட்டைப் பெற வேண்டும்.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. A⁵ இதுதான்:

```
A⁵ = | 2094  1031 |
     | 2062  1063 |
```

மூலைவிட்ட எண்களின் கூடுதல் 3157. அது 5⁵ + 2⁵, அதாவது 3125 + 32 என்பதற்குச் சமம். அணிக்கோவையின் மதிப்பு 1,00,000. அது 10⁵. இந்த இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கணக்கில் பிழை இருக்கிறது என்று பொருள்.

நூற்றுக்கணக்கான வரிசைகள் கொண்ட அணிக்கு இந்த வழி பொருந்தாது. அதன் சிறப்பியல்புச் சமன்பாட்டைக் கண்டுபிடிப்பதே பெரும் வேலை, தசமங்களைச் சுருக்கும்போது ஏற்படும் சிறு பிழைகளும் விடையைக் கெடுத்துவிடும். அதனால் பெரிய அணிகளின் நேர்மாறுக்குக் கணினி நிரல்கள் பெரும்பாலும் வரிசைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துச் சுருக்கும் காஸ் முறையைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டு, மூன்று வரிசை அணிகளைக் கையால் கணக்கிடும்போதுதான் கெய்லி–ஹாமில்டன் வழி வேலையைக் குறைக்கிறது.