தனித்து ஒளிபரப்புவோரும் காட்சி மாற்றும் விசைகளும்

தொலைக்காட்சி நிலையமொன்றில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, எந்தக் கமராவின் படம் நேயரைச் சென்றடைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வேறொருவர். அவர் கட்டுப்பாட்டறையில் அமர்ந்து, பேச்சின் போக்கைக் கவனித்து, உரிய தருணத்தில் பொத்தானை அழுத்துகின்றார். வீட்டிலிருந்து இணையத்தின் வழியே தனித்து ஒளிபரப்புகின்றவருக்கோ அத்தகைய துணை இல்லை. பேசுபவரும் அவரே, படத்தை மாற்றுபவரும் அவரே. சுட்டியை நகர்த்தித் திரையில் காட்சியின் பெயரைத் தேடும் வேளையில் அவருடைய கண் நேயரை விட்டு அகல்கின்றது, பேச்சும் தடைப்படுகின்றது. கண்ணின் உதவியின்றி விரலால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முறை அவருக்குத் தேவைப்படுகின்றது.

இத்தகைய ஒளிபரப்புக்குப் பலரும் கையாளும் மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்பதாகும். 2012ஆம் ஆண்டு ஹியூ பெய்லி என்பவர் தொடக்கிவைத்த இம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். கமராப் படம், கணனித் திரை, எழுத்து, ஒலி முதலியவற்றை ஒழுங்குபடுத்திய ஒரு தொகுதியை அது காட்சி என வழங்குகின்றது. கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோமாயின், அவருக்கு நான்கு காட்சிகள் போதும். முதலாவது அவருடைய முகம். இரண்டாவது மேலிருந்து நோக்கும் கமரா காட்டும் எழுதுதாள். மூன்றாவது கணனித் திரை. நான்காவது, சிறிது நேரத்தில் பாடம் தொடரும் என்று அறிவிக்கும் இடைவேளைப் படம்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு விசையை ஒதுக்கும் இடம், மென்பொருளின் Settings என்னும் பகுதியில் Hotkeys என்ற பக்கத்தில் உள்ளது. அங்கே காட்சியின் பெயருக்குக் கீழ் Switch to scene என்றொரு கட்டம் காணப்படும். அக்கட்டத்தைத் தெரிந்து, விரும்பிய விசையை ஒருமுறை அழுத்தினால் அது பதிவாகிவிடும். செய்கை இலகுவானதே; எந்த விசையைத் தெரிவது என்பதில்தான் சிக்கல் உண்டு.

நமது ஆசிரியர் 1, 2, 3, 4 என்னும் எண் விசைகளையே ஒதுக்கினார் என்று கொள்வோம். விண்டோஸ் கணனியில் ஓபிஎஸ் பின்னணியில் இருக்கும்போதும் விசைகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அத்துடன், முன்னால் திறந்திருக்கும் மென்பொருளிடமிருந்து அவ்விசையை அது பறித்துக்கொள்வதுமில்லை. ஆகவே மாணவர் ஒருவருக்கு விடையாக 42 என்று ஆசிரியர் தட்டச்சுச் செய்தால், விடையும் எழுதப்படும். ஒளிபரப்பில் முதலில் இடைவேளைப் படமும் பின்னர் எழுதுதாளும் தோன்றும். Ctrl விசையுடன் 1 என்பதைச் சேர்த்தாலும் தொல்லை முற்றாக நீங்குவதில்லை. காட்சி மாறும் அதே கணத்தில், இணைய உலாவியும் தன் முதலாவது பக்கத்திற்குத் தாவிவிடும்.

இதற்குத் தக்க பரிகாரம், வேறெந்த மென்பொருளும் பெரும்பாலும் பயன்படுத்தாத விசைகளைத் தேடுவதாகும். வழக்கமான விசைப்பலகையின் மேல்வரிசை F12 உடன் முடிவடைகின்றது. ஆயினும் ஐபிஎம் நிறுவனத்தின் பழைய பெருங்கணனி முனையங்கள் சிலவற்றில் 24 செயல் விசைகள் இருந்தன. அவற்றுக்குரிய F13 முதல் F24 வரையான குறியீடுகள் இன்றைய யூஎஸ்பி விசைப்பலகைகளுக்கான விதிகளிலும் இடம்பெற்றுள்ளன. விண்டோஸும் ஓபிஎஸும் அவற்றை அறியும். மேசையிலுள்ள விசைப்பலகையில்தான் அவை இல்லை. சிறு மேக்ரோ விசைப்பலகையின் பயன் இங்கேதான் புலனாகின்றது. நான்கு அல்லது ஆறு விசைகள் மட்டுமே கொண்ட அக்கருவி, கணனிக்கு இன்னொரு விசைப்பலகையாகவே தோன்றும். கியூஎம்கே என்னும் உள்மென்பொருளில் இயங்கும் கருவியாயின், அதன் நான்கு விசைகளுக்கும் பின்வரும் பெயர்களைக் கொடுத்தல் போதும்.

```
KC_F13, KC_F14, KC_F15, KC_F16
```

இவ்வாறு செய்தபின் ஆசிரியர் எதைத் தட்டச்சுச் செய்தாலும் காட்சி தானாக மாறாது.

சிலர் இவ்விடத்தில் இன்னொரு தடையைச் சந்திப்பதுண்டு. விசை சில வேளைகளில் இயங்கும். சில வேளைகளில் இயங்காது. கருவி பழுதடைந்தது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. ஓபிஎஸ் ஏறத்தாழ 25 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையே விசைகளின் நிலையைப் பார்க்கின்றது. மனித விரல் ஒரு விசையை அதனிலும் நீண்ட நேரம் அழுத்தியிருக்கும். மேக்ரோ என்னும் முன்பதிவுக் கட்டளையோ அதற்குள் அழுத்தி விடுவித்துவிடக் கூடும். இரு பார்வைகளுக்கு இடையில் நிகழ்ந்த அழுத்தம் கணக்கில் சேராது. விசையை மேக்ரோவாக அன்றிச் சாதாரண விசையாகவே அமைத்தால், விரல் அழுந்தியிருக்கும் வரை அதுவும் அழுந்தியே இருக்கும். மேக்ரோவே வேண்டுமாயின், அழுத்துவதற்கும் விடுவிப்பதற்கும் இடையில் 50 மில்லிசெக்கன் அளவிலான தாமதம் இடுதல் வேண்டும். வேறு ஒரு மென்பொருள் முன்னால் இருக்கும்போது மட்டும் விசைகள் முற்றாகச் செயலிழந்தால், அம்மென்பொருள் நிர்வாகி உரிமையுடன் இயங்குகின்றதா என்று பார்த்தல் தகும். அவ்வாறாயின் ஓபிஎஸும் அதே உரிமையுடன் திறக்கப்பட வேண்டும்.

இவை யாவற்றிலும் பாரதூரமானது இடைவேளை பற்றிய தவறாகும். இடைவேளைக் காட்சிக்கு மாறியவுடன் தாம் நேயரிடமிருந்து மறைந்துவிட்டதாக ஆசிரியர் கருதுகின்றார். உண்மையில் மறைந்தது அவருடைய படமே. Settings பகுதியின் Audio பக்கத்தில் அமைக்கப்பட்ட ஒலிவாங்கி எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவானது. காட்சி மாறினாலும் அது அடங்காது. அந்நேரத்தில் பெற்றோர் ஒருவர் தொலைபேசியில் தம் பிள்ளையின் நிலை குறித்து உரையாடினால், ஆசிரியர் கூறும் ஒவ்வொரு சொல்லும் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்.

இதனைத் தவிர்க்க, ஒரே விசையை இரண்டு பணிகளுக்கு ஒதுக்கலாம். Hotkeys பக்கத்தில் ஒலிவாங்கியின் பெயருக்குக் கீழ் Mute, Unmute என இரு தனிக் கட்டங்கள் உள்ளன. இடைவேளைக்குரிய F16 விசையை Mute கட்டத்திலும், ஏனைய மூன்று விசைகளை Unmute கட்டத்திலும் இடுதல் வேண்டும். ஒரே விசை ஈரிடங்களில் உள்ளதென ஓபிஎஸ் எச்சரிக்கைக் குறி காட்டினாலும், இரண்டு பணிகளும் நிறைவேறும். ஆனால் Mute, Unmute ஆகிய இரண்டிலும் ஒரே விசையை இடுவது ஆபத்தானது. அப்போது அவ்விசை ஒவ்வொரு அழுத்தத்திலும் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கும். பதற்றத்தில் இருமுறை அழுத்தியவரின் ஒலிவாங்கி மீண்டும் திறந்துவிடும். தனித்தனியே ஒதுக்கிய விசையை எத்தனை முறை அழுத்தினாலும் விளைவு ஒன்றே. தனித்து இயங்குபவர் நிலையை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. விசையே அதனை உறுதி செய்கின்றது.

Studio Mode என்னும் ஏற்பாட்டையும் அவர் நிறுத்திவைத்தல் நலம். அது இயங்கும்போது விசையை அழுத்தினால் முன்னோட்டத்தில் மட்டுமே காட்சி மாறும். ஒளிபரப்பில் மாறுவதற்கு மேலும் ஒரு விசை தேவைப்படும். திரையில் இரு படங்கள் அருகருகே தெரிவதே அதன் அடையாளம்.

ஒளிபரப்பு முன்பாக, அதே ஏற்பாட்டில் இரண்டு நிமிடப் பதிவு ஒன்று செய்து பார்த்தல் வேண்டும். இடையறாது எண்களை உரக்க எண்ணிக்கொண்டே நான்கு விசைகளையும் வரிசையாக அழுத்தி, இடைவேளை விசையை மட்டும் இருமுறை அழுத்துதல் வேண்டும். பின்னர் பதிவைக் கேட்கும்போது, இடைவேளைப் படம் தோன்றும் இடத்தில் எண்ணும் குரல் கேட்டல் ஆகாது. அந்த ஒரு விசையின் மேல் பசையால் சிறு புள்ளி ஒன்று இட்டுவைப்பின், F, J விசைகளிலுள்ள மேடுகளைப் போல அதுவும் கண் தேடாமலே விரலுக்குத் தட்டுப்படும்.