முறைகேட்டை அம்பலப்படுத்துவோருக்குப் பாதுகாப்பு: புகார் உறையில் பெயர் எழுதக் கூடாதது ஏன்?

புதுதில்லி: மத்திய அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் நடைபெறும் ஊழலை அம்பலப்படுத்துவோரின் அடையாளத்தைக் காக்க, 2004-ஆம் ஆண்டு முதல் தனி நடைமுறை உள்ளது. புகாரை எவ்வாறு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

பின்னணி

தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகள் குறித்துப் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தமது பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆயினும் அக்கடிதம் பெயருடன் பல அலுவலகங்களுக்குச் சென்றது. 2003 நவம்பர் 27-இல் அவர் கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இது வழிப்பறிக் கொலை என்று சிபிஐ கூறியது; 2010-இல் மூவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. எனினும், புகார்தாரரின் பெயரைக் காக்க ஏற்பாடு ஏதுமில்லை என்ற குறை வெளிப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டைத் தொடர்ந்து, 2004 ஏப்ரல் 21-இல் மத்திய அரசு தீர்மானம் பிறப்பித்து, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் இப்பொறுப்பை ஒப்படைத்தது.

புகார் அளிப்பது எப்படி?

பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கிடங்கு ஊழியர், வந்து சேராத பொருளுக்குப் பணம் வழங்கப்பட்டதைக் கண்டறிகிறார் என்று கொள்வோம். அவர் கடிதத்தை ஒட்டிய உறையில் இட்டு, மேலே PIDPI என்று எழுதி, ஆணையத்தின் செயலருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். உறையின் மீது அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. கடிதத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ, தனித்தாளிலோ பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பெயரில்லாப் புகார்கள் ஏற்கப்படா.

புகாரின் வாசகத்தில் அடையாளம் வெளிப்படக் கூடாது. "நான் கையொப்பமிட மறுத்த பதிவேடு" என்று எழுதினால், பெயரை நீக்கினாலும் எழுதியவர் யார் என்பது அலுவலகத்தில் தெரிந்துவிடும். "குறிப்பிட்ட தேதியிட்ட பதிவேடு" என்பதே போதுமானது. அதே புகாரை வேறு அதிகாரிகளுக்கும் அனுப்பினால் ரகசியம் காக்க இயலாது. மின்னஞ்சலில் வருபவை சாதாரணப் புகார்களாகவே கருதப்படும்.

விசாரணை

புகாரை அனுப்பியவர் அவர்தானா என ஆணையம் முதலில் கடிதம் மூலம் கேட்கும். 30 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பின்னர் பெயர் நீக்கப்பட்டு, உரிய துறையின் தலைமை கண்காணிப்பு அதிகாரிக்கோ சிபிஐக்கோ புகார் அனுப்பப்படும். அறிக்கையில் ஊழல் உறுதியானால், துறை நடவடிக்கை அல்லது குற்றவழக்குக்கு ஆணையம் பரிந்துரைக்கும்.

பழிவாங்கும் இடமாற்றம் போன்றவற்றுக்கு ஆளானால் புகார்தாரர் ஆணையத்தை அணுகலாம். உயிருக்கு ஆபத்து இருப்பின் மத்திய உள்துறை அமைச்சகத்தின் மூலம் பாதுகாப்புக் கோரப்படும். தீய நோக்குடன் பொய்ப் புகார் அளித்தால் நடவடிக்கைக்கு இடமுண்டு.

வரம்புகள்

மாநில அரசு ஊழியர்கள் மீதான புகார்கள் இதன்கீழ் வாரா. இத்தகைய புகார்தாரர்களுக்காக 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே, 2004-ஆம் ஆண்டுத் தீர்மானமே இன்றும் அடிப்படையாக உள்ளது.