ரகு அம்மாவின் பெயர் என்ன?

நம் ஊர்களில் பலருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர். மற்றொன்று, தனக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஊர் கொடுத்த பெயர்.

கமலா என்று ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் பிள்ளை ரகு. ரகு பிறந்த பிறகு கமலாவை யாரும் கமலா என்று கூப்பிடுவதில்லை. "ரகு அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கமலாவும் தன் கணவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ரகு அப்பா வயலுக்குப் போயிருக்கிறார்" என்றுதான் சொல்கிறார்.

பிள்ளையின் பெயரால் பெற்றோரை அழைக்கும் இந்த வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருக்கிறது. 1889ஆம் ஆண்டில் எட்வர்டு டைலர் என்ற இங்கிலாந்து அறிஞர் இதற்கு 'டெக்னானிமி' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'டெக்னான்' என்றால் பிள்ளை. 'ஓனோமா' என்றால் பெயர். முப்பதுக்கும் மேற்பட்ட மக்கள் இனங்களில் இந்த வழக்கம் இருப்பதாக அவர் அப்போதே எழுதினார்.

ஏன் இப்படி அழைக்கிறார்கள்?

பல சமூகங்களில் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை. கணவனும் மனைவியும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லுவதும் வழக்கமில்லை. ஆனால் கூப்பிடாமல் இருக்க முடியுமா? பிள்ளையின் பெயரை யாரும் சொல்லலாம். அதில் தடை இல்லை. எனவே பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. திருமணமாகி வேறு குடும்பத்துக்குப் போகிறவர் அங்கே முதலில் புதியவர். பிள்ளை பிறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தைத்தான் புதிய பெயர் ஊருக்குச் சொல்கிறது. பெரும்பாலும் மருமகள்தான் கணவன் வீட்டுக்குப் போகிறாள். சில இனங்களில் மருமகன் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். அங்கே அவன் புதியவன். பிள்ளை பிறந்தால்தான் அவனும் அந்த வீட்டுக்காரன். டைலர் இதைக் குறிப்பாக எடுத்துக் காட்டினார்.

ஆப்பிரிக்காவில்

ஆப்பிரிக்காவின் தென் பகுதியில் ட்சுவானா என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் 'ரா' என்றால் தந்தை, 'மா' என்றால் தாய். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ராபர்ட் மொஃபாட் என்ற பாதிரியார் அவர்களிடையே தங்கி வேலை செய்தார். அவருடைய மூத்த மகள் மேரி. அங்குள்ள மக்கள் பாதிரியாரை 'ரா மேரி' என்று அழைத்தார்கள். அதாவது, மேரியின் தந்தை.

அந்த மேரி வளர்ந்தார். 1845இல் டேவிட் லிவிங்ஸ்டன் என்பவரை மணந்தார். ஆப்பிரிக்காவின் உள் பகுதிகளில் பயணம் செய்து புகழ் பெற்றவர் அவர். அடுத்த ஆண்டில் அவர்களுக்கு மகன் பிறந்தான். அவனுக்கு ராபர்ட் என்று பெயர் வைத்தார்கள். அன்று முதல் மேரி 'மா ராபர்ட்' ஆனார். 1858இல் லிவிங்ஸ்டன் சாம்பசி ஆற்றில் பயணம் செய்ய ஒரு நீராவிப் படகைக் கொண்டு போனார். அந்தப் படகுக்கு 'மா ராபர்ட்' என்றே பெயர் சூட்டினார்கள். தன் பெயரைத் தந்தைக்குக் கொடுத்த மகள், தாயான பிறகு தன் மகனின் பெயரைப் பெற்றுக்கொண்டார்.

அரபு நாடுகளில்

அரபு மக்களிடம் இந்த வழக்கம் மிகப் பழமையானது. 'அபு' என்றால் தந்தை. 'உம்' என்றால் தாய். பெரும்பாலும் மூத்த மகனின் பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். முகம்மது நபி அவர்களுக்கு 'அபுல் காசிம்' என்ற பெயர் உண்டு. காசிமின் தந்தை என்று பொருள். காசிம் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்தது.

பாலித் தீவில்

இந்தோனேசியாவில் பாலி என்ற தீவு இருக்கிறது. அங்கே சாதாரணக் குடும்பங்களில் இந்த வழக்கம் இன்னும் விரிவாக இருந்தது. முதல் பிள்ளை பிறந்ததும் தந்தையின் பெயர் 'பான்' என்று தொடங்கும். தாயின் பெயர் 'மென்' என்று தொடங்கும். அவற்றோடு பிள்ளையின் பெயர் சேரும். முதல் பிள்ளை ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் பெயர்தான்.

அதோடு முடிவதில்லை. பேரப் பிள்ளை பிறந்தால் அவர்களின் பெயர் மறுபடியும் மாறும். இன்னாரின் தாத்தா, இன்னாரின் பாட்டி என்று அழைப்பார்கள். கொள்ளுப் பேரன் பிறந்தால் இன்னொரு முறை மாறும். ஒருவரின் பெயரைக் கேட்டாலே அவர் எத்தனை தலைமுறை கண்டவர் என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. பிள்ளை இல்லாதவர்களின் பெயர் மாறாது. வயதான பிறகும் சிறு வயதுப் பெயராலேயே அழைப்பார்கள். பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது வெளிப்படும்.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் பல மாநிலங்களில் இவ்வழக்கம் இருக்கிறது. இந்தி பேசும் கிராமங்களில் 'ராமு கி மா' என்பார்கள். ராமுவின் தாய் என்று பொருள். மேகாலயாவில் காசி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் குடும்பப் பெயர் தாய் வழியில் வருகிறது. அவர்களும் பெற்றோரைப் பிள்ளையின் பெயரால் அழைத்ததை 1907இல் வெளிவந்த ஒரு நூல் பதிவு செய்திருக்கிறது.

தெருவில் இந்தப் பெயர் போதும். எந்த ரகு, எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதினால் என்ன ஆகும்? சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் இந்தக் கேள்வி எழுந்தது.

இருபத்தெட்டு லட்சம் பெண்கள்

அந்தத் தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்தது. அதற்கு முன்பே வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் வேலை தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு உண்டு. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. ஆண், பெண் என்ற பேதமும் இல்லை.

பெயர் எழுதுகிறவர்கள் வீடு வீடாகப் போனார்கள். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். வட மாநிலங்களில் பல பெண்கள் அந்நிய ஆணிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அது வழக்கமில்லை. வீட்டு ஆண்களும் சொல்லவில்லை. 'இன்னாரின் தாய்' என்றும் 'இன்னாரின் மனைவி' என்றும் பதில் வந்தது. அதை அப்படியே பட்டியலில் எழுதிக்கொண்டார்கள்.

இதில் என்ன சிக்கல்? ஓர் ஊரில் மூன்று ரகுக்கள் இருக்கலாம். அப்படியானால் மூன்று 'ரகுவின் தாய்' இருப்பார்கள். ஓட்டுப் போட வந்து நிற்பவர் எந்த ரகுவின் தாய்? சாவடியில் இருக்கும் அதிகாரி வெளியூர்க்காரர். அவருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டுவிட்டுப் போகலாம். உண்மையான தாய் வரும்போது "உன் ஓட்டைப் போட்டாகிவிட்டது" என்று திருப்பி அனுப்பலாம்.

சுகுமார் சென் அப்போது தலைமைத் தேர்தல் ஆணையர். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்தது. அந்தப் பெண்களின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும், பெயர் கிடைக்காவிட்டால் பதிவை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பீகாரில் இதற்காக ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அங்கே பலருடைய பெயர்கள் திரும்பச் சேர்ந்தன. ராஜஸ்தானிலும் கூடுதல் காலம் கொடுத்தார்கள். அங்கே அவ்வளவு பலன் கிடைக்கவில்லை.

கடைசியில் என்ன நடந்தது? நாடு முழுவதும் பெண் வாக்காளர்கள் சுமார் 8 கோடி. அவர்களில் சுமார் 28 லட்சம் பேரின் பதிவு நீக்கப்பட்டது. இவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். கடைசி இரண்டும் பிறகு மத்தியப் பிரதேசத்தோடு சேர்ந்துவிட்டன.

அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு ஓட்டு உரிமையும் இருந்தது. பெயரை வெளியே சொல்லவில்லை. அதனால் அந்தத் தேர்தலில் அவர்களால் ஓட்டுப் போட முடியாமல் போனது. ஊரில் மதிப்புத் தந்த பெயர், பட்டியலில் ஓர் ஆளைக் காட்டப் போதவில்லை.

இன்று பட்டியலில் பார்க்க வேண்டியது

இன்று வாக்காளர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள் அச்சாகின்றன. முதலில் வாக்காளரின் பெயர். அதன் கீழே தந்தை, தாய், கணவர் போன்ற ஓர் உறவினரின் பெயர். முதல் இடத்தில் இருக்க வேண்டியது அவரவர் சொந்தப் பெயர். அதில் வீட்டில் கூப்பிடும் பெயரோ செல்லப் பெயரோ இருந்தால் பிறகு தொல்லை வரும். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆளுடையதா என்று கேட்பார்கள்.

பட்டியலைத் திருத்தும் காலத்தில் வரைவுப் பட்டியலை வாக்குச்சாவடியில் வைப்பார்கள். அதை வாங்கி, தன் வரியைத் தானே படித்துப் பார்க்கலாம். பெயரில் தவறு இருந்தால் படிவம் 8 எழுதிக் கொடுக்க வேண்டும். பெயரே இல்லாவிட்டால் படிவம் 6. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் இந்தப் படிவங்களைக் கேட்டு வாங்கலாம். வயது 18 ஆகியிருந்தால் போதும்.

தெருவில் அவர் ரகு அம்மாவாகவே இருக்கலாம். பட்டியலில் அவர் கமலா.